பட்டியலில் ஆறாவது சொல்

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை நிகழ்ச்சி கிடையாது. அதனால் சனிக்கிழமை மாலையே கோமுட்டர் ஏறி பத்தாங் காலிக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். போன மாதம் ஒரு ஞாயிறு, பசியாறி முடித்துக் கைகழுவும் நேரத்தில் சித்தி மகன் வந்தான். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

“அக்கா, ஒரு ஒதவி. இத தமிழ்ல எழுதிக் குடுங்க. முடிஞ்சா நீங்களே ஒரு நாள் வந்து படிச்சும் காட்டுங்க. ரேடியோவுல பேசுற ஆளு சொன்னா கேப்பாங்க.”

அவன் எங்கள் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பகுதிக்கு மேனேஜர். நாற்பது பேர் அவனுக்குக் கீழே வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் நம் தமிழ்ப் பெண்கள். மீதி மலாய்ப் பெண்கள், நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், பெட்டி தூக்கும் நம் பையன்கள் சிலர்.

தாளைப் பிரித்தேன். மேலே மலாயிலும் ஆங்கிலத்திலும் ‘தடை செய்யப்பட்ட சொற்கள்’ என்று தலைப்பு. கீழே வரிசை எண் போட்டு பதினான்கு சொற்கள். சயாங், அமோய், ஜண்டா, சரக்கு, ஐட்டம், பாராங், ஒன்பது, குட்டி, பீசு என்று போனது. கடைசியில் ஒரே ஒரு வரி: இந்தச் சொற்களைப் பயன்படுத்துவோர் மீது பாலியல் தொல்லைக்கான நடவடிக்கை எடுக்கப்படும்.

“நல்லதுதானடா, எப்ப ஒட்டப் போற?” என்று கேட்டேன்.

“ஒட்டி ரெண்டு வாரம் ஆச்சு. அதான் பிரச்சனையே.”

சொற்பட்டியல் எனக்குப் புதிதல்ல. ஊடகத் துறையில் பட்டம் வாங்கிக்கொண்டு வானொலிக்குப் பயிற்சிக்குப் போன முதல் வாரமே, காற்றலையில் சொல்லக்கூடாதவற்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நேயர் அழைப்பு வரும் நிகழ்ச்சிகளில் குரல் சில விநாடி தாமதித்துத்தான் வெளியே போகும். யாராவது தவறாகப் பேசினால் அந்த இடைவெளிக்குள் பொத்தானை அமுக்கி வெட்டிவிடுவோம். அங்கே பட்டியல் வேலை செய்யும். ஒரு குரல்தான் பேசுகிறது. கேட்கிறவர் முகம் பேசுகிறவருக்குத் தெரியாது. காரில் குழந்தையோடு போகிறவரும் கேட்பார், கோயிலில் மாலை கட்டிக்கொண்டிருக்கிற பாட்டியும் கேட்பார். யார் மனம் எப்படி என்று பார்த்துப் பேச வழியில்லாததால் சொல்லையே நிறுத்திவிடுகிறோம்.

தொழிற்சாலை வானொலி அல்ல. அங்கே பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், அவர்களுக்குள் என்ன உறவு என்று எல்லாருக்கும் தெரியும். தம்பியின் பட்டியல் இடறியது இந்த இடத்தில்தான்.

முதல் இடறல் சிரிப்பாக வந்திருக்கிறது. பேக்கிங்கில் ஐம்பத்தெட்டு வயது அக்கா ஒருவர் இருக்கிறார். தோட்டம் மூடிய பிறகு அங்கே போய்ச் சேர்ந்தவர். மலாய்க்காரப் பெண், தமிழ்ப் பெண், நேப்பாளப் பையன் எல்லாரையும் அவர் ‘சயாங்’ என்றுதான் கூப்பிடுவார். பட்டியலில் முதல் சொல்லே அதுதான். நோட்டீஸ் ஒட்டிய அன்றிலிருந்து அந்த அக்கா வாயைத் திறக்கவில்லையாம். “வேல போயிடுமா தம்பி?” என்று வந்து கேட்டிருக்கிறார்.

இரண்டாவது இடறலில் சிரிக்க ஒன்றுமில்லை. பட்டியலின் ஆறாவது சொல் ‘பாராங்’. சரக்கு, சாமான் என்பதற்கு மலாய்ச் சொல். பேக்கிங் பகுதியில் ஒரு நாளைக்கு நூறு முறை அதைச் சொல்லாமல் முடியாது. பாராங் வந்துவிட்டதா, பாராங் எங்கே, பாராங் ஏற்றியாச்சா என்றுதான் பேச்சு. ஆனால் நம் நாட்டில் ஒரு பெண் நடந்து போகும்போது ‘பாராங் பாய்க்’ என்று முனகினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தமிழில் ‘சரக்கு’ என்பதற்கும் இதே இரண்டு முகம். விலைக்கு வைத்திருக்கிற பொருள் என்று ஒரு பெண்ணைச் சொல்வதால்தான் அது சுடுகிறது.

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் பையன்கள் ‘பாராங்’ என்பதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ‘ஆறு’ என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தள்ளுவண்டியோடு போகும்போது, “ஆறு வருது, வழி விடு!” சுற்றி நாலு பேர் சிரிப்பு. நோட்டீஸைக் கைப்பேசியில் படமெடுத்து, ஆறாவது எண்ணை வட்டமிட்டு, பக்கத்தில் அவள் பெயரை எழுதி, ஷிஃப்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான் ஒருவன். தடை செய்த சொல் எதையும் யாரும் சொல்லவில்லை. பட்டியலின்படி பார்த்தால் யார் மேலும் தவறில்லை.

அந்தப் பெண் படத்தைக் கொண்டுவந்து தம்பியிடம் காட்டியிருக்கிறாள். “நீங்க போட்ட லிஸ்ட்டால எனக்கு ஒரு நம்பர் கெடச்சிருக்கு” என்று மட்டும் சொன்னாளாம்.

“நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?” என்று கேட்டான் தம்பி.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் நோட்டீஸ் ஒட்டியது சட்டத்துக்காக. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு நோட்டீஸ் ஒன்றை, வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி முதலாளி எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று அதில் 81எச் என்ற பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் வைக்கச் சொல்லும் அந்தப் பிரிவு சொற்பட்டியல் போடச் சொல்லவில்லை. பட்டியல் தம்பியின் சொந்த யோசனை. எழுதுவதற்குச் சுலபம், ஒட்டுவதற்கும் சுலபம் என்று செய்துவிட்டான்.

இருவரும் முன்வாசலில் உட்கார்ந்து சட்டத்தில் உள்ள விளக்கத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்தோம். வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் தடை செய்த சொல் என்று ஒன்றுகூட இல்லை. நடத்தையைப் பற்றித்தான் அது பேசுகிறது. எளிய தமிழில் சொன்னால், அது மூன்று கேள்விகள். அந்த நடத்தை மற்றவர் விரும்பாததா? அது பாலியல் தன்மை உள்ளதா? ஒருவரை நோக்கிச் செய்யப்பட்டு, அவரைப் புண்படுத்துகிறதா, அவமானப்படுத்துகிறதா, அல்லது அவர் நலனுக்கு மிரட்டலாக இருக்கிறதா? இவை வேலையின் போது, வேலையின் பொருட்டு நடந்தால் அது பாலியல் தொல்லை. வாயால் பேசினாலும், படம் காட்டினாலும், சைகை செய்தாலும், தொட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்னடா காலைலயே கெட்ட வார்த்த பாடம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த அக்காவின் ‘சயாங்’ முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. யாருக்கும் அது வேண்டாததாக இல்லை. அதில் பாலியல் தன்மையும் இல்லை. அதே சொல்லை ஒரு சூப்பர்வைசர், இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கிற பெண்ணிடம், குரலைத் தாழ்த்திச் சொல்லி, அவள் ‘அப்படிக் கூப்பிடாதீங்க’ என்ற பிறகும் சொன்னால் மூன்று கேள்விக்கும் பதில் ‘ஆம்’. சொல் ஒன்றுதான்.

‘ஜண்டா’ எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. மலாயில் அது கணவனை இழந்த, அல்லது மணமுறிவு பெற்ற பெண்ணைக் குறிக்கிற சொல். அகராதியில் அதில் அழுக்கு ஏதுமில்லை. ஆனால் மணமுறிவான ஒரு பெண்ணைப் பார்த்து, “ஜண்டா லா, ராத்திரி ஃப்ரீயா?” என்று கேட்கிறவன் அந்தச் சொல்லை வைத்து என்ன சொல்ல வருகிறான்? கேட்பாரில்லை, கிடைப்பாள் என்கிறான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அந்த வாக்கியம் பாலியல் தொல்லை ஆகிவிடுகிறது.

‘ஒன்பது’ ஓர் எண். பேக்கிங்கில் ஒன்பதாவது மேசையும் உண்டு. ஆனால் மென்மையாக நடக்கிற ஒரு பையனைப் பார்த்து அதைச் சொன்னால், அவனுடைய ஆண்மையைப் பற்றிய கேலி அது. சட்டம் ‘ஒருவர்’ என்றுதான் சொல்கிறது, ‘பெண்’ என்று சொல்லவில்லை. ஆண் பட்டாலும் தொல்லை தொல்லைதான். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “ஸ்கூல்ல நாங்க ஒருத்தன அப்பிடித்தான்க்கா கூப்பிட்டோம். அவன் அஞ்சாம் பாரத்துல நின்னுட்டான்” என்றான்.

கடைசியாக ஆறாவது சொல்லுக்கு வந்தோம். “ஆறு வருது, வழி விடு.” அவள் விரும்பினாளா? இல்லை. பாலியல் தன்மை உள்ளதா? ஆறு என்றால் எது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததால்தான் சிரித்தார்கள். ஒருவரை நோக்கியதா, அவமானப்படுத்தியதா? பெயரே எழுதியிருந்தார்கள். பட்டியல் பிடிக்காததைச் சட்டம் பிடித்துவிட்டது.

“வெறும் வாய் வார்த்தைக்கு இவ்வளவா?” என்று அவன் கேட்டது நியாயமான சந்தேகம். நிறையப் பேருக்கு இருக்கிற சந்தேகமும்கூட. அவனுக்கு நம் நாட்டு வழக்கு ஒன்றைச் சொன்னேன்.

தாபோங் ஹாஜி நிறுவனத்தில் ஒரே துறையில் பொது மேலாளராக ஓர் ஆணும், அவருக்குக் கீழே மூத்த மேலாளராக ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர் ஆபாசமாகப் பேசினார், கொச்சையான நகைச்சுவை சொன்னார், தன்னை இரண்டாம் மனைவியாக்கிக்கொள்ளும் பேச்சை எடுத்தார் என்று அந்தப் பெண் 2009-இல் புகார் செய்தார். வழக்கின் மையம் முழுக்கச் சொற்கள்தான். நிறுவனத்தின் விசாரணைக் குழு, ஒழுங்கு நடவடிக்கைக்குப் போதிய சான்று இல்லை, ஆனால் நிர்வாக அளவில் அவரைக் கண்டிக்க வேண்டும் என்று முடித்தது. கண்டிப்பு வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. தன் பெயர் கெட்டுவிட்டது என்று அந்தப் பெண் மீதே வழக்குப் போட்டார். அந்தப் பெண் எதிர்வழக்குப் போட்டார். உயர்நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளி, அந்தப் பெண்ணுக்கு 1 லட்சம் ரிங்கிட் பொது இழப்பீடும், அதற்கு மேல் 20,000 ரிங்கிட்டும் கொடுக்கச் சொன்னது. அவர் மேல்முறையீடு செய்தார். கடைசியில் 2016 ஜூன் 2-இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்தப் பெண் பக்கமே நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுரியாடி ஹலிம் ஓமார். பாலியல் தொல்லைக்காக ஒருவர் நேராக சிவில் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம் என்பது அந்தத் தீர்ப்பால்தான் இந்த நாட்டில் உறுதியானது.

பேசியவர் படித்தவர், உயர் பதவியில் இருந்தவர். கேட்டவரும் படித்தவர். அப்படியிருந்தும் புகாரிலிருந்து கடைசித் தீர்ப்புவரை ஏழு ஆண்டு ஆனது. ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிற பெண்ணால் ஏழு ஆண்டு வழக்கு நடத்த முடியாது. அதற்காகத்தான் 2022-இல் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் அதற்கென ஒரு நடுவர் மன்றம் இயங்கத் தொடங்கியது. அங்கே பொதுவாக வழக்கறிஞர் கிடையாது. பாதிக்கப்பட்டவர் தானே போய்ச் சொல்லலாம். 2 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. மன்னிப்புக் கேட்கவும் சொல்லலாம்.

இதையெல்லாம் நான் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனதும் தம்பி ஒரு கேள்வி கேட்டான். “சரிக்கா, அந்தப் பொண்ணு மொத மொத ‘பாராங்’ன்னு சொன்னப்ப சிரிச்சிருக்கா. நானே பாத்தேன். சிரிச்சா விரும்புறான்னுதான அர்த்தம்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றால் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரியும். அன்று நான் அதைவிட நீண்ட நேரம் பேசாமல் இருந்தேன்.

இருபத்திரண்டு வயதில் நானும் சிரித்திருக்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில் என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் இருந்தார். நான் ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும்போதெல்லாம், “பத்தாங் காலி சரக்கு வந்தாச்சு, மைக்க ஆன் பண்ணு” என்பார். அறையில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ‘தோட்டத்துப் பிள்ளை, ஒரு ஜோக் தெரியாது’ என்பார்கள் என்று பயம். என் பயிற்சி அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். சிரித்துவிட்டு, மறுநாள் அவர் பணிநேரம் எது என்று அட்டவணையில் பார்ப்பேன். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஒலிப்பதிவு கேட்டு வாங்குவேன். இரவு பதினொரு மணிக்குக்கூட வாங்கியிருக்கிறேன். கடைசிக் கோமுட்டரைத் தவறவிட்டு, தோழி அறையில் தரையில் படுத்திருக்கிறேன். என் சிரிப்பைப் பார்த்தவர்களுக்கு நான் விரும்பியதாகத்தான் தோன்றியிருக்கும். என் அட்டவணையைப் பார்த்திருந்தால் வேறு மாதிரித் தோன்றியிருக்கும்.

நான் யாரிடமும் புகார் செய்யவில்லை. அதைத் தொல்லை என்று சொல்லலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு நோட்டீஸ் இருந்திருக்கலாம். இருந்தாலும் ‘சரக்கு’ என்பதும் அதில் அடங்கும் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அம்மா உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது எனக்குத் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு ஷிஃப்ட் மாத்தக் கேட்டாளா?” என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். “மூணு தடவ. பஸ் பிரச்சனன்னு நெனச்சேன்.”

ஒரு மேனேஜருக்கு எது அடையாளம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிரிப்பைப் பார்க்காதீர்கள், நடமாட்டத்தைப் பாருங்கள். காரணம் சொல்லாமல் ஷிஃப்ட் மாற்றக் கேட்பது, சாப்பாட்டு ஓய்வில் கூட்டத்தோடு உட்காராமல் இருப்பது, ஒரே இடத்துக்குப் போக எப்போதும் இன்னொருத்தியைத் துணைக்குக் கூப்பிடுவது, சுற்றுவழியில் போவது. வேண்டாம் என்பதை வாயால் சொல்ல முடியாதவர்கள் காலால் சொல்வார்கள்.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து நோட்டீஸைப் புதிதாக எழுதினோம். எண் போட்ட பட்டியலை முதலில் எடுத்தோம். எண் இருந்தால் எண்ணே புனைபெயர் ஆகிவிடும். ஆனால் சொற்களை முழுக்க எடுத்துவிடவில்லை. ‘தகாத நடத்தை கூடாது’ என்று பொதுவாக எழுதினால், தான் செய்வது தகாத நடத்தை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆகவே மூன்று கேள்விகளையும் மேலே போட்டோம். கீழே சில காட்சிகளைப் போட்டோம்:

“பெட்டியைப் பார்த்து ‘பாராங் வந்துவிட்டது’ என்று சொல்வது வேலை. ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்வது பாலியல் தொல்லை. அதற்குப் பதிலாக எண்ணோ, விசிலோ, சைகையோ, ஸ்டிக்கரோ பயன்படுத்தினாலும் அதேதான்.

“ஒருவருடைய திருமண நிலையை, உடலை, ஆண்மை பெண்மையை வைத்துப் பாலியல் கேலி செய்வது தொல்லை. ஆணைச் செய்தாலும் தொல்லை.

“‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்பது பதில் ஆகாது. அவர் சிரித்தார் என்பதும் பதில் ஆகாது.

“ஷிஃப்ட்டின் வாட்ஸ்அப் குழுவும் வேலையிடம்தான்.”

பிறகு புகார் வழி. பழைய நோட்டீஸில் அது இல்லவே இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாத நோட்டீஸ் வெறும் சுவரொட்டி. மேனேஜரிடம் சொல்லலாம், மேனேஜர் மீதே புகார் என்றால் மனிதவளப் பிரிவில் இன்ன பொறுப்பில் இருக்கும் பெண் அதிகாரியிடம் சொல்லலாம் என்று எழுதினோம். புகார் வந்தால் நிறுவனம் விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை ஏற்க முடியாதவர் ஆள்பல இலாகாவுக்குப் போகலாம். புகாரை விசாரிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு என்ற வரியைப் போடலாமா என்று தம்பி தயங்கினான். “போடு, அத ஒங்க மேலிடம் படிக்கட்டும்” என்றேன்.

ஒரு சொல்லில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பட்டியலில் ‘கருப்பி’ என்றும் இருந்தது. நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதும், சாதியைச் சொல்லித் திட்டுவதும், குண்டு என்று கேலி செய்வதும் கொடுமைதான். ஆனால் பாலியல் தன்மை இல்லாவிட்டால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டால் விசாரணையில் ‘இது பாலியல் தொல்லை இல்லையே’ என்று புகாரே விழுந்துவிடும். அதனால் அவற்றைத் தனித் தலைப்பில், நிறுவனத்தின் ஒழுங்கு விதிக்குக் கீழே போட்டோம்.

அதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலையில் டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட நம் பெண் ஒருவர், இணையத்தில் வந்த வசைகளுக்குப் பிறகு உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த விவகாரத்தில் இழிசொல் பேசிய ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். சிறு குற்றங்கள் சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. அந்த 100 ரிங்கிட் நம்மவர்களைக் கொதிக்க வைத்தது. பிறகு தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களால் ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 2025-இல் நடப்புக்கு வந்தது. அது போலீசில் புகார் செய்கிற வழி. பாலியல் தொல்லைக்கான வழி வேறு. எந்தச் சொல்லுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பதுதான் பாதிக்கப்பட்டவருக்கு உதவும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் நான் விடுப்பு எடுத்துப் போனேன். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும் நேரம். இரவு ஷிஃப்ட்டும் பகல் ஷிஃப்ட்டும் வரிசையாக நின்றார்கள். தோட்டத்தில் அம்மா தலைமுறை ‘பெரட்டு’ என்று சொன்னது இதைத்தான். மலாயில் மனிதவள அதிகாரி படித்தார். நேப்பாளப் பையன்களுக்கு அவர்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார். தமிழில் நான் படித்தேன்.

பத்து ஆண்டுக்கு மேலாக மைக்கின் முன்னால் எந்தச் சொற்களைத் தவிர்க்கப் பழகினேனோ, அவற்றை அன்று நாற்பது பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். ‘சரக்கு’ என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரத்தது. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பின்வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஐம்பத்தெட்டு வயது அக்கா கையைத் தூக்கி, “அப்ப நான் சயாங்னு கூப்பிடலாமா?” என்று கேட்டார். “யாருக்காவது வேணாம்னா சொல்லட்டும், மத்தவங்கள கூப்பிடுங்க” என்றேன். ஒரு மலாய்ப் பெண் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் புகாரை அதற்குள் விசாரித்திருந்தார்கள். படம் போட்டவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். கூடச் சேர்ந்து ‘ஆறு’ என்றவனுக்கும் எச்சரிக்கை. அவளை மாற்றவில்லை, அவள் தன் மேசையிலேயே இருக்கிறாள். தம்பி முதலில் அவளைத்தான் வேறு இடத்துக்குப் போடலாம் என்று நினைத்திருந்தான், ‘பாதுகாப்புக்கு’. புகார் செய்தவள் இடம் பெயர்ந்தால், பார்க்கிறவர்களுக்குத் தண்டனை அவளுக்கு என்றுதான் தோன்றும் என்று சொன்ன பிறகு மாற்றிக்கொண்டான். அதற்கப்புறம் அவள் ஷிஃப்ட் மாற்றக் கேட்கவில்லையாம்.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன், அவர் பால்மரம் வெட்டிய காலத்தில் இதெல்லாம் எப்படி இருந்தது என்று.

“எங்க மண்டோரு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எல்லாருமே ‘ஏ குட்டி’தான். கெழவியானாலும் குட்டிதான்.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “பால் கொட்ட ஸ்டோருக்குப் போறப்ப ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம். எந்த நாள்ல ஸ்டோருல யாரு நிப்பான்னு எங்களுக்குத் தெரியும். புதுசா வர்ற பொண்ணுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம்.”

அவர்களிடமும் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. அதில் சொற்கள் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். எந்தச் சுவரிலும் அதை ஒட்ட முடியாது.

“நீ அன்னிக்கி என்கிட்ட சொல்லிருக்கலாம்” என்றார் அம்மா. எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“சொல்லிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?”

“ரேடியோவே வேணாம்னு வீட்டுல உக்கார வச்சிருப்பேன்” என்றார். பிறகு, “அதனாலதான் சொல்லலையா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையசைத்தேன். பெண்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று விசாரணைக் குழுவில் யாராவது கேட்டால், இதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளலாம். மறுநாள் விடியற்காலை நிகழ்ச்சிக்காக நான் கிளம்பியபோது அம்மா கோமுட்டர் நிலையம் வரை கூடவே நடந்து வந்தார்.